எழுத்து பிள்ளையோடது, பேச்சு யாரோடது?

போன வருஷம் மகளின் ஐந்தாவது பிறந்தநாளுக்குத் திருநெல்வேலியிலிருந்து அம்மா கொலுசு அனுப்பியிருந்தார். மெல்பர்ன் வீட்டில் மகளை உட்காரவைத்து, "தாங்கள் அனுப்பிய அன்பளிப்பு கிடைத்தது, மிக்க நன்றி" என்று எழுதிக்கொடுத்தேன். அவள் அதைப் பார்த்து அப்படியே எழுதினாள். கடிதம் போய்ச் சேர்ந்ததும் அம்மா போனில் சொன்னது: "எழுத்து பிள்ளையோடது, பேச்சு உன்னோடதுல்லா இருக்கு!"

உண்மைதான். 'அன்பளிப்பு' என்றால் என்னவென்றே அவளுக்குத் தெரியாது.

இந்த வருஷம் வந்தது பச்சைப் பாவாடை. இந்த முறை பென்சிலை எடுக்கும் முன்னால் மூன்று கேள்விகள் மட்டும் கேட்டேன். என்ன வந்தது? அதுல எது பிடிச்சது? போட்டுக்கிட்டு என்ன செஞ்ச? அவள் சொன்னதை ஒரு தாளில் அப்படியே குறித்துக்கொண்டேன். கடைசியில் ஆச்சிக்கு என்ன சொல்லணும்னு கேட்டதும் ஒரு வரி வந்தது. மொத்தம் இவ்வளவுதான்:

ஆச்சி, தாத்தா,
பச்சைப் பாவாடை வந்தது.
அதில் மயில் இருக்கு.
நான் சுத்தினா குடை மாதிரி ஆகுது.
நீங்க வந்தா காட்டுவேன்.

ஒரு நாளைக்கு இரண்டு வரி என்று இரண்டு நாளில் எழுதி முடித்தாள். ஒரே மூச்சில் எழுதச் சொன்னால் கை வலித்து, கடைசி வரி கோணலாகிவிடும்.

தடுமாறியது கொம்பில்தான். 'டை' என்று சொல்லும்போது முதலில் காதில் விழுவது 'ட்', எழுதும்போதோ கொம்பு முன்னால் வரணும். ஆங்கிலத்தில் ஒலி வரும் வரிசையிலேயே எழுதிப் பழகும் பிள்ளைக்கு இது குழப்பம். 'பாவாடை'யில் காட்டிக்கொடுத்தேன், சரியாக எழுதினாள். 'குடை'யில் மறுபடியும் கொம்பைப் பின்னால் போட்டாள். அதை அப்படியே விட்டுவிட்டேன். படிக்கிறவருக்குப் புரியாமல் போனால்தான் திருத்த வேண்டும். ஆச்சிக்குக் குடை புரியும்.

"இருக்கு, ஆகுது எல்லாம் பேச்சுத்தமிழ் ஆச்சே, தமிழ்ப்பள்ளியில் மார்க் போகாதா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். போகும். பள்ளி நோட்டில் 'இருக்கிறது' என்று எழுதட்டும். ஆனால் இது ஆச்சிக்குப் போகும் கடிதம். ஆச்சியிடம் அவள் 'இருக்கிறது' என்று ஒருநாளும் பேசியதில்லை.

'நன்றி' எங்கே என்றும் கேட்டார். எங்க வீட்டில் பேரப்பிள்ளை தாத்தா ஆச்சிக்கு நன்றி சொல்லி நான் கேட்டதே இல்லை. கொடுத்ததைப் போட்டுக்கிட்டு வந்து முன்னால் நிற்பதுதான் எங்கள் வழக்கம். தூரத்தில் இருக்கும் பிள்ளையால் அப்படி நிற்க முடியாது. 'குடை மாதிரி ஆகுது' என்ற வரிதான் அந்த வேலையைச் செய்கிறது. பிள்ளை தானாக நன்றி என்று எழுதினால் எழுதட்டும். நாம் சொல்லித் திணிக்க வேண்டாம்.

கடிதம் கிடைத்த அன்றைக்கு வீடியோ காலில் வந்த அம்மா என்னிடம் பேசவே இல்லை. "எங்க, குடை மாதிரி சுத்து பாப்போம்" என்று நேராகப் பேத்தியைத்தான் கூப்பிட்டார்.