கார்பஸ் நிதிக்கு மாதம் 200 ரூபாய் போதுமா?



ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் தனி வீட்டை விட்டு அடுக்குமாடிக்குக் குடிபோன சிலர், "சார், கார்பஸ் நிதிக்கு மாதம் எவ்வளவு வாங்கலாம்?" என்று கேட்கிறீர்கள். பக்கத்துக் கட்டடத்தைப் பார்த்துத் தொகை வைக்காதீர்கள். உங்கள் கட்டடத்தில் எது எத்தனை வருடத்தில் தேயும் என்று பார்த்து வையுங்கள் என்பதே என் கருத்து.

ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். 16 வீடுகள், ஒரு லிஃப்ட், ஒரு ஜெனரேட்டர். லிஃப்டின் கயிறு, கதவு, கன்ட்ரோல் பேனல் எல்லாம் 20 வருடத்தில் மாற்ற 8 லட்சம் என்று வைத்தால், வருடத்துக்கு 40,000. ஜெனரேட்டர் 15 வருடத்துக்கு நாலரை லட்சம் என்றால் 30,000. வெளிப் பெயின்ட் 6 வருடத்துக்கு ஒருமுறை 3 லட்சம் என்றால் 50,000. மொட்டைமாடி தளமும் மோட்டாரும் 10 வருடத்துக்கு 2,40,000 என்றால் 24,000. மொத்தம் வருடத்துக்கு 1,44,000. வீட்டுக்கு மாதம் 750 ரூபாய்.

இந்தத் தொகைகள் உதாரணத்துக்குத்தான். உங்கள் ஊர் மெக்கானிக்கிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். விலைவாசி ஏறுமே என்றால், வைப்பு நிதி வட்டி ஓரளவு ஈடுகட்டும். இருந்தாலும் வருடா வருடம் பொதுக்குழுவில் கணக்கைப் புதுப்பிக்க வேண்டும்.

மகாராஷ்டிராவின் மாதிரி துணை விதிகள், நில மதிப்பு நீங்கலான கட்டுமானச் செலவில் வருடத்துக்கு 0.25 சதவீதத்தை மூழ்கு நிதிக்கும், 0.75 சதவீதத்தைப் பழுது பராமரிப்புக்கும் குறைந்தபட்சமாக வைக்கின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் உங்கள் லிஃப்டுக்கு வயது இரண்டா பதினெட்டா என்று சதவீதம் பார்ப்பதில்லை.

அந்தக் கட்டடத்துக்கு இப்போது 8 வயது என்று வைப்போம். லிஃப்டுக்கு மட்டுமே இதற்குள் 3,20,000 சேர்ந்திருக்க வேண்டும். மாதம் 200 வாங்கியிருந்தால் மொத்தமே ஏறக்குறைய 3,07,000தான் சேர்ந்திருக்கும். இப்படியே போனால் லிஃப்ட் நிற்கும் அன்று வீட்டுக்கு 50,000 கேட்க நேரும். பென்ஷனில் வாழும் மூன்றாம் மாடிப் பெரியவர் அதை எங்கே புரட்டுவார்? எட்டு வருடம் ஏறி இறங்கிவிட்டு வீட்டை விற்றுப் போனவர் தன் பங்கைக் கட்டவில்லை. வாங்கியவர் தலையில் அது விழுகிறது. ஆகவே கார்பஸ் என்பது நாளைக்கான சேமிப்பு மட்டுமல்ல, இன்று நாம் தேய்த்ததற்கான விலை. குறையை ஒரே அடியாகக் கேட்காமல், ஐந்து வருடத் தவணையாக 750உடன் சேர்த்து வாங்கலாம்.

டீசல், லிஃப்டின் வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம், காவலர் சம்பளம் ஆகியவை மாதப் பராமரிப்புக் கட்டணத்தில் வரட்டும். கார்பஸ் தனிக் கணக்கில், இரண்டு பேர் கையெழுத்தில் இருக்கட்டும். மின்வெட்டு அதிகமான மாதத்தில் வைப்பு நிதியை உடைத்திருந்தால், உங்கள் மாதக் கட்டணம் போதவில்லை என்று பொருள்.

உங்கள் சங்கத்தின் கணக்கைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.