தேவாங்கு தாக்குதலும் "முகவரிக்கு இத்தனை" என்ற கணக்கும்

ரேஷன் கடை வரிசையை நினைத்துப் பாருங்கள். ஒருவர் "அரிசி..." என்று சொல்லி நிறுத்துகிறார். பத்து நொடி கழித்து "பச்சரிசி இல்லை..." என்கிறார். மறுபடி மௌனம். சண்டை போடவில்லை, கூச்சலும் இல்லை. ஆனால் பின்னால் நிற்கும் யாருக்கும் பொருள் கிடைக்காது. வெப் சர்வர்களை முடக்கும் ஒரு தாக்குதல் இப்படித்தான் நடக்கிறது.

இதற்கென 2009 ஜூனில் ராபர்ட் ஹேன்சன் என்பவர் ஸ்லோலோரிஸ் என்ற சிறு புரோகிராமை வெளியிட்டார். நம் ஊர் தேவாங்கின் உறவுக்கார விலங்கின் பெயர் அது. அதே மாதம் ஈரானில் தேர்தலுக்குப் பின் நடந்த போராட்டத்தில் அரசுத் தளங்களை முடக்க இது பயன்பட்டது. பெரும் வெள்ளமாகத் தகவலை அனுப்பித் தாக்கினால் நாட்டின் இன்டர்நெட் பாதையே அடைத்துக்கொள்ளும், போராடுபவர்களும் சிக்குவார்கள். தேவாங்குக்கு அந்த வெள்ளம் தேவையில்லை.

கணக்கைப் பாருங்கள். அப்பாச்சி சர்வர் அதன் பழைய முறையில் ஒரு கனெக்‌ஷனுக்கு ஒரு ஆளை ஒதுக்கும். சாதாரணமாக 256 ஆள்தான். தாக்குபவர் 256 கனெக்‌ஷன் திறந்து, ஒவ்வொன்றிலும் பத்து நொடிக்கு ஒருமுறை 20 பைட் அனுப்புகிறார். மொத்தம் நொடிக்கு சுமார் 512 பைட். பழைய டயல்-அப் மோடமே போதும்!

கண்டுபிடிப்பது எப்படி? சர்வரின் சி.பி.யு. சும்மா இருக்கும். கோரிக்கை முடிந்தால்தான் லாக்கில் வரி விழும் என்பதால் லாக்கும் அமைதியாக இருக்கும். ஆனால் பக்கம் திறக்காது. அப்பாச்சியின் நிலைப் பக்கத்தில் வரிசையாக R என்ற எழுத்தே நின்றால், எல்லா ஆட்களும் இன்னும் படித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

உடனே எல்லோரும் சொல்லும் மருந்து, ஒரு ஐ.பி. முகவரிக்கு இத்தனை கனெக்‌ஷன்தான் என்று வரம்பு போடுவது. நானும் அப்படித்தான் ஒரு கல்லூரித் தளத்துக்கு 10 என்று போட்டேன். விண்ணப்ப நாளில் எங்கள் பொம்மையார்பாளையத்து நெட் சென்டருக்குப் போனபோதுதான் வினை தெரிந்தது. அங்கே ஆறு கம்ப்யூட்டர், வெளியே தெரிவது ஒரே முகவரி. பழைய HTTP/1.1 முறையில் ஒரு பிரௌசர் ஒரு தளத்துக்கு ஆறு கனெக்‌ஷன் வரை திறக்கும். முதல் கம்ப்யூட்டர் ஆறு எடுத்தது, இரண்டாவதற்கு நான்கு, மூன்றாவதற்கு ஒன்றுமில்லை. "நெட் சரியில்லம்மா, அப்புறம் வாங்க" என்று கடைக்காரர் ஒரு மாணவியை அனுப்பிவிட்டார். நெட் நன்றாகத்தான் இருந்தது. தப்பு என்னுடையது.

வீட்டில் பிராட்பேண்ட் வைத்திருக்கும் உங்களுக்கும் இது நேரலாம். மொபைல் கம்பெனிகளில் பல சந்தாதாரர்கள் ஒரே IPv4 முகவரிக்குப் பின்னால் இருக்கிறார்கள். முகவரி வேறு, ஆள் வேறு.

என் கருத்து இதுதான். முதலில் எண்ண வேண்டியது முகவரியை அல்ல, நேரத்தை. அப்பாச்சியில் ஒரு வரி போதும்:

```
RequestReadTimeout header=20-40,MinRate=500
```

கோரிக்கையின் தலைப்புப் பகுதி 20 நொடிக்குள் வர வேண்டும். ஒவ்வொரு 500 பைட் வந்தாலும் ஒரு நொடி கூடுதல் கிடைக்கும். எப்படியும் 40 நொடியில் கதவு மூடும். மெதுவான மொபைல் இணைப்பில் வருபவரும் இதில் தப்பித்துவிடுவார், தேவாங்கு தப்பாது.

ஆனால் வெளியே தள்ளப்பட்டவர் உடனே திரும்பி வந்து வரிசையில் நிற்கலாமே? அதற்குத்தான் இரண்டாவதாக வரம்பு, அதுவும் தாராளமாக:

```
iptables -A INPUT -p tcp --syn --dport 443 -m connlimit --connlimit-above 50 -j REJECT
```

இப்போது ஒரு முகவரியால் 256-ல் 50 இடத்தைத்தான் பிடிக்க முடியும். மற்றவர்களுக்கு 206 இருக்கிறது. நெட் சென்டரின் ஆறு கம்ப்யூட்டரும் சேர்ந்து 36-தான், தாராளமாக உள்ளே வரலாம். தாக்குபவருக்கு ஆறு முகவரி கிடைத்தால் இந்த வேலியும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 10 என்று போட்டிருந்தால் அவருக்கு 26 முகவரி வேண்டும். அந்த லாபத்துக்காக மூன்றாவது கம்ப்யூட்டரில் உட்கார்ந்த மாணவியைத் திருப்பி அனுப்புவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

என்ஜின்எக்ஸ் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதன் limit_conn, தலைப்பு முழுவதும் வந்து சேர்ந்த கனெக்‌ஷனை மட்டுமே எண்ணும். தலைப்பையே முடிக்காத தேவாங்கு அதன் கணக்கில் வராது. அங்கேயும் client_header_timeout-ஐக் குறைப்பதுதான் வழி.

அடுத்த முறை ஒரு தளம் மட்டும் திறக்காமல் மற்றவை திறந்தால், மோடத்தை அணைத்துப் போடுவதற்கு முன் வேறொரு இணைப்பில் முயன்று பாருங்கள். அங்கே திறந்தால், உங்கள் முகவரி யாரோ போட்ட வரம்பில் மாட்டியிருக்கலாம். அந்தத் தளத்தாருக்கு எழுதுங்கள். என்னைப் போல 10 போட்டவர் யாராவது அங்கே இருக்கலாம்.