சர்வேக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் எங்கெங்கோ போய்விட்டது. சரக்கு அவ்வளவு தூரம் போவதில்லை. பாலும் சர்க்கரையும் காய்ச்சிச் சுண்டவைத்த பண்டம் அதிக நாள் தாங்காது. எனவே பால்கோவா போடும் ஒருவர், காற்றுப்புகாத டப்பாவில் அடைத்துச் சென்னை சூப்பர் மார்க்கெட்டுகளில் இறக்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சந்தை ஆய்வு நிறுவனம் ஒன்று, வாங்க ஆள் இருக்கிறார்களா என்று சர்வே எடுத்துத் தர 2 லட்ச ரூபாய் கேட்கிறது. கொடுக்கலாமா?

பெரும்பாலும் இந்தக் கட்டணத்தைப் போடும் முதலோடு ஒப்பிடுகிறோம். இத்தனை லட்சம் போட்டு இறங்கும்போது 2 லட்சம் பெரிதா என்கிறோம். அந்த ஒப்பீடே தவறு. தகவல் இல்லாததால் எவ்வளவு இழக்கக்கூடும் என்பதுதான் அளவுகோல். ஹார்வர்டு வணிகப் பள்ளியின் ஹோவர்ட் ரைஃபாவும் ராபர்ட் ஷ்லைஃபரும் 1961-ல் வெளியிட்ட நூலில் இதற்கான கணக்கை விரிவாக எழுதினார்கள். நம் வியாபாரிக்கு அதைப் போட்டுப் பார்ப்போம், எண்கள் உதாரணத்துக்கு.

சரக்கு ஓடினால் 10 லட்சம் லாபம், ஓடாவிட்டால் 8 லட்சம் நட்டம். இதேபோல 100 பேர் இறங்கினால் 60 பேர் தேறுவார்கள் என்பது அவருடைய அனுபவக் கணிப்பு. எல்லோரும் இறங்கினால் 600 லட்சம் வரும், 320 லட்சம் போகும். ஆளுக்குச் சராசரி 2.8 லட்சம் மிஞ்சும். ஆக, சர்வே இல்லாமலே இறங்குவது நியாயம்தான்.

நடக்கப்போவதைத் துளியும் பிசகாமல் முன்கூட்டியே சொல்லும் ஒருவர் கிடைத்தால்? தோற்கவிருந்த 40 பேரும் ஒதுங்கிவிடுவார்கள். சராசரி 6 லட்சமாகும். கூடிய 3.2 லட்சம்தான் முழுத் தகவலின் எதிர்பார்ப்பு மதிப்பு. எவ்வளவு நல்ல சர்வேயாக இருந்தாலும் அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடப் பெறாது. கட்டணம் 3.5 லட்சம் என்றால், அறிக்கையின் தரத்தை விசாரிக்கக்கூடத் தேவையில்லை; அப்போதே மறுத்துவிடலாம்.

இங்கே கேட்பது 2 லட்சம், உச்சவரம்புக்குள் இருக்கிறது. பலர் இந்த இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். 3.2 லட்சம் என்பது பிசகே இல்லாத தகவலுக்கான விலை என்பதை மறந்துவிடுகிறார்கள். சர்வே 100-க்கு 80 தடவை சரியாகச் சொல்லும் என்று கொள்வோம். தேறக்கூடிய 60 பேரில் 48 பேருக்கு ‘இறங்கு’ என்று சொல்லும். தேறாத 40 பேரில் 8 பேருக்கும் தவறாக அப்படியே சொல்லும். அந்த 56 பேர் மட்டும் இறங்கினால் மொத்த லாபம் 416 லட்சம்; 100 பேருக்கும் பகிர்ந்தால் ஆளுக்கு 4.16 லட்சம். சர்வேயால் கூடியது 1.36 லட்சம். அதற்கு 2 லட்சம் கொடுப்பது நட்டம்.

துல்லியம் 70 ஆகக் குறைந்தால் மதிப்பு 44 ஆயிரத்துக்கு இறங்குகிறது. 65 ஆனால் பூஜ்யம். காரணம், அப்போது ‘வேண்டாம்’ என்று சர்வே சொல்லும் 47 பேரில் 21 பேர் உண்மையில் தேறக்கூடியவர்கள். அவர்களுடைய லாபம் 210 லட்சம், மற்ற 26 பேரின் நட்டம் 208 லட்சம். ‘வேண்டாம்’ என்ற பதில் வந்த பிறகும் இறங்குவதே மேல் என்றால் அந்தப் பதிலுக்கு எதற்குக் காசு? முடிவை மாற்ற முடியாத தகவலுக்கு இந்தக் கணக்கில் விலையே கிடையாது.

நிறையப் பேரைக் கேட்டால் துல்லியம் கூடிவிடும் என்பதும் உறுதியில்லை. கோகோ கோலா 1985-ல் புதிய சுவையை இறக்கும் முன் சுமார் 2 லட்சம் பேருக்குக் கொடுத்துச் சோதித்தது. பெரும்பாலோர் புதியதே நன்று என்றார்கள். ஆனாலும் மூன்று மாதத்துக்குள் பழைய கோலாவைத் திரும்பக் கொண்டுவர நேர்ந்தது. எது இனிக்கிறது என்று கேட்டார்கள். பழையது இனிக் கிடைக்காது என்று சொல்லிக் கேட்டிருந்தால் பதில் வேறாக இருந்திருக்கும். இலவசமாக ஒரு வாய் பால்கோவா கொடுத்து ‘வாங்குவீர்களா?’ என்று கேட்டாலும் தலையாட்டத்தான் செய்வார்கள். விலை எழுதிய டப்பாவை அலமாரியில் வைத்துப் பார்ப்பது வேறு.

தொகையைச் சரிபார்ப்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. உச்சவரம்பு 3.2 லட்சம் வந்ததே 40 பேருடைய 8 லட்ச நட்டத்தால்தான். அந்த நட்டத்தையே குறைத்தால்? இயந்திரம் வாங்காமல், ஏற்கெனவே இயந்திரம் வைத்திருப்பவரிடம் கூலிக்கு அடைத்து வாங்கினால் லாபம் 8 லட்சமாகக் குறையலாம். நட்டமும் 3 லட்சத்தோடு நின்றுவிடும். சராசரி 3.6 லட்சமாக உயர்கிறது. முழுத் தகவலின் மதிப்பு 1.2 லட்சத்துக்குச் சரிகிறது. 80 சதவீதத் துல்லியமுள்ள அதே சர்வேயின் மதிப்பு பூஜ்யமாகிவிடுகிறது. அந்த 2 லட்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதல் லோடு டப்பாக்களை அனுப்பலாம்.

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்பவர், ஆர்டர் கைக்கு வந்த பிறகே நூல் வாங்குகிறவர் என்றால் அவருக்கு இந்தக் கணக்கே வேண்டாம். நூற்பாலையில் புதிய ரக நூலுக்காக இயந்திரம் இறக்குகிறவர் அப்படியல்ல. போட்ட முதலைத் திரும்ப எடுக்க முடியாத அவர், ஆய்வு நிறுவனத்திடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இதற்கு முன் நீங்கள் ‘ஓடும்’ என்று சொன்னவற்றில் எத்தனை ஓடின, ‘ஓடாது’ என்று சொன்னவற்றில் எத்தனை ஓடின?