“இரும்புல எப்படி மேடம் விளைச்சல் வரும்?”

மாவட்டத் தலைநகர் ஒன்றில் உள்ள பாலிடெக்னிக். மெக்கானிக்கல் டிப்ளமோ இரண்டாம் ஆண்டு வகுப்பு. தமிழில் தட்டச்சு செய்த நான்கு பக்க நோட்ஸ் எல்லோர் கையிலும் இருக்கிறது. கடைசி பெஞ்சில் இருந்து ஒரு மாணவர் எழுந்து, “மேடம், மூணாவது பக்கத்துல ‘விளைச்சல் புள்ளி’ன்னு இருக்கே... இரும்புல எப்படி மேடம் விளைச்சல் வரும்?” என்று கேட்கிறார். வகுப்பே சிரிக்கிறது.

“நானும் சேர்ந்துதான் சிரிச்சேன். ஆனா அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல” என்கிறார் அந்த விரிவுரையாளர். இது நடந்தது மூன்று வருடங்களுக்கு முன்பு. இப்போது அவருடைய தமிழ் நோட்ஸை பக்கத்து செக்‌ஷன் மாணவர்களும் ஜெராக்ஸ் எடுத்துப் போகிறார்கள். நடுவில் என்ன மாறியது என்று கேட்கத்தான் போயிருந்தேன்.

பாடம், பொருள்களின் வலிமை. ஒரு கம்பியை இழுத்தால் எவ்வளவு நீளும், எப்போது அறுந்துபோகும் என்று கணக்குப் போடும் பாடம். துறையில் பல வருடங்களாகக் கைமாறி வரும் ஆங்கில ஸ்லைடுகள்தான் மூலம். வகுப்பில் பாதிப் பேர் தமிழ் வழியில் பத்தாவது முடித்து நேராக வந்தவர்கள். ஆங்கில ஸ்லைடைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள், ஆனால் கேள்வி கேட்டால் அமைதி. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வரி வரியாகத் தமிழில் எழுதிவிட்டார்.

“அங்கதான் தப்பு. அகராதியில முதல்ல இருக்கிற அர்த்தத்தை எடுத்துப் போட்டேன். ‘யீல்டு’ன்னா விளைச்சல். ‘ஸ்ட்ரெஸ்’னா அழுத்தம். விளைச்சல் சிரிப்போட போச்சு. அழுத்தம்தான் ஆபத்தாயிடுச்சு.”

சிரிக்க வைக்காத தப்பு

மன அழுத்தம் என்று நாம் தினமும் சொல்கிறோம். அதனால் ஸ்ட்ரெஸ் என்றால் அழுத்தம் என்பது யாருக்கும் உறுத்தாது. ஆனால் அதே மாணவர்களுக்கு இன்னொரு பாடத்தில் தண்ணீர்க் குழாய்க்குள் இருக்கும் பிரஷரும் ‘அழுத்தம்’தான். போதாக்குறைக்கு இரண்டுக்கும் அலகும் ஒன்றே. விசையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது.

வித்தியாசத்தை மேடம் இப்படி விளக்கினார். பிரஷர் என்பது வெளியிலிருந்து ஒரு பரப்பின் மேல் வந்து அழுத்துவது. ஸ்ட்ரெஸ் என்பது, இழுக்கும்போதோ நசுக்கும்போதோ அந்தப் பொருள் தனக்குள்ளேயே காட்டும் எதிர்ப்பு, ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் எவ்வளவு என்ற கணக்கு. அதற்குத் தமிழ்நாட்டு பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்திலேயே ஒரு சொல் இருக்கிறது. தகைவு. ஸ்ட்ரெயினுக்குத் திரிபு.

“பழைய நோட்ஸ்ல ‘இழுவை அழுத்தம்’னு எழுதியிருந்தேன். யோசிச்சுப் பாருங்க, இழுக்கிறதும் அழுத்துறதும் ஒண்ணா? எழுதும்போது அது என் கண்ணுல படவே இல்ல.”

பட்டது கிளாஸ் டெஸ்டில். கம்பியை இழுக்கும்போது அதில் ஏற்படும் அழுத்தத்தை விளக்கு என்று கேட்டிருந்தார். ஒரு மாணவர், திரவம் பாத்திரத்தின் சுவர்களில் எல்லாத் திசையிலும் சமமாக அழுத்தும் என்று ஒரு பக்கம் அழகாக எழுதியிருந்தார். விடை தப்பு. ஆனால் மேடத்தால் சிவப்பு மையில் அடிக்க முடியவில்லை. “அவன் படிக்காம வந்து தப்பா எழுதல. நான் கொடுத்த சொல்லை நம்பி எழுதியிருக்கான்.”

முதலில் பட்டியல், அப்புறம்தான் வாக்கியம்

அதற்குப் பிறகு அவர் ஒரு பழக்கம் வைத்திருக்கிறார். ஒரு பாடத்தின் ஸ்லைடுகளைத் தமிழாக்கும் முன், அதில் வரும் கலைச்சொற்களை மட்டும் தனியாக ஒரு தாளில் எழுதுகிறார். மூன்று கட்டங்கள். முதலில் ஆங்கிலச் சொல், அடுத்து தமிழ்ச் சொல், கடைசியில் அதன் பொருள் ஒரே வரியில். மூன்றாவது கட்டத்தைத் தன்னால் நிரப்ப முடியவில்லை என்றால், அந்தச் சொல் தனக்கே சரியாகப் புரியவில்லை என்று அர்த்தமாம். பட்டியல் முடியும்வரை ஒரு வாக்கியம்கூட எழுதுவதில்லை.

தமிழ்ச் சொல்லை முதலில் பள்ளிப் புத்தகத்தில் தேடுகிறார். பிளஸ் டூ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்கள் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சொல்லை மாற்றக் கூடாது அல்லவா. இணையத்தில் கிடைக்கும் தமிழ் நோட்ஸை அப்படியே எடுப்பதும் இல்லை. ஒருமுறை ஒரு மாணவி, “மேடம், இதுல ஸ்ட்ரெயினுக்கு ‘விகாரம்’னு போட்டிருக்கே” என்று போனைக் காட்டியிருக்கிறார். அது இலங்கைப் பாடத்திட்டத்தின் தமிழ். அங்கே ஸ்ட்ரெஸ் தகைப்பு, ஸ்ட்ரெயின் விகாரம். அங்கே அது சரி. ஆனால் இங்கே ஒரு பக்கத்தில் திரிபு, அடுத்த பக்கத்தில் விகாரம் என்று வந்தால், இரண்டும் வேறு வேறு என்றுதான் மாணவர் நினைப்பார். கதை எழுதுகிறவர்கள் ஒரே சொல் திரும்பத் திரும்ப வராமல் மாற்றிப் போடுவார்கள். பாடக் குறிப்பில் அந்த அழகு வேண்டாம் என்கிறார் மேடம். தகைவு என்று தொடங்கினால் கடைசிப் பக்கம் வரை தகைவுதான்.

சரி, அந்த விளைச்சல் புள்ளி என்ன ஆனது?

“அதுக்கு எழுதுற ஆளைப் பொறுத்து தமிழ்ச் சொல் மாறுது. அதனால ‘யீல்டு புள்ளி’ன்னே வெச்சுட்டேன். பக்கத்துல, சாதாரண எஃகுக் கம்பியை இழுத்துக்கிட்டே போனா, சுமையைப் பெருசா கூட்டாமலே அது நீள ஆரம்பிக்கிற இடம்னு ஒரு வரி. இப்ப யாரும் சிரிக்கிறதில்ல.” சோதிக்கும் இயந்திரத்தின் பெயரையும் அவர் மொழிபெயர்க்கவில்லை. லேபில் எல்லோரும் யூ.டி.எம். என்றுதான் சொல்கிறார்கள்.

எந்தத் தமிழ்ச் சொல் முதல்முறை வந்தாலும் பக்கத்திலேயே ஆங்கிலச் சொல்லை ஆங்கில எழுத்தில் அச்சடித்துவிடுகிறார். நாளைக்கு வேலைக்குப் போகும் இடத்தில் வரைபடமும் டெஸ்ட் ரிப்போர்ட்டும் ஆங்கிலத்தில்தான் வரும்.

அடைப்புக்குறிக்குள் ஒளிந்திருக்கும் நிபந்தனை

ஸ்லைடில் முழு வாக்கியம் இருக்காது, துண்டு துண்டாகத்தான் இருக்கும். ஹூக் விதிக்கு அந்த ஸ்லைடில் இருந்தது, தகைவும் திரிபும் நேர்த்தகவு என்ற ஒரு குறியீட்டு வரி. கீழே சின்ன எழுத்தில், அடைப்புக்குறிக்குள், மீட்சி எல்லைக்குள் மட்டும் என்ற குறிப்பு. முதல் நோட்ஸில் மேடம் பெரிய எழுத்தை மட்டும் தமிழாக்கிவிட்டு, அடைப்புக்குறியை விட்டுவிட்டார்.

அந்த இரண்டு வார்த்தை போனால் விதியே பொய்யாகிவிடும். மீட்சி எல்லை என்பது, சுமையை எடுத்ததும் கம்பி பழைய நீளத்துக்கே திரும்பி வருவதற்கான வரம்பு. அதைத் தாண்டிய பிறகு அந்த நேர்த்தகவை நம்பிக் கணக்குப் போட முடியாது. இப்போது அவர் நிபந்தனையைத்தான் முதலில் எழுதுகிறார்: “மீட்சி எல்லைக்குள், தகைவு திரிபுக்கு நேர்த்தகவில் இருக்கும்.” தமிழில் நிபந்தனை முன்னால் வருவது இயல்பாகவும் இருக்கிறது, தப்பித்தும் போகாது.

2 மீட்டர் கம்பி 3 மீட்டர் ஆன கதை

சொற்கள் எல்லாம் சரியாகி அச்சுக்குப் போன பிறகும் ஒரு கண்டம் காத்திருந்தது. நோட்ஸில் ஒரு கணக்கு. 20 மில்லிமீட்டர் விட்டமும் 2 மீட்டர் நீளமும் உள்ள எஃகுக் கம்பியை 40 கிலோ நியூட்டன் விசையால் இழுக்கிறோம். எவ்வளவு நீளும்? எஃகின் யங் குணகம் 2 × 10⁵ N/mm². கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு 314.16 சதுர மில்லிமீட்டர். மீதி மூன்று வரிதான்.

```
σ = P/A = 40000/314.16 = 127.3 N/mm²
ε = σ/E = 127.3/200000 = 0.000637
δl = ε × L = 0.000637 × 2000 = 1.27 mm
```

ஒன்றேகால் மில்லிமீட்டர் சொச்சம். ஆனால் வகுப்பில் பாதிப் பேருக்கு 1,212 மில்லிமீட்டர் வந்தது. 2 மீட்டர் கம்பி 3 மீட்டரைத் தாண்டிவிட்டது! ஸ்லைடில் இருந்து காப்பி செய்தபோது, 10-க்கு மேலே இருந்த குட்டி 5 கீழே இறங்கி 105 ஆகிவிட்டது. 2 × 105 என்றால் வெறும் 210. இரண்டு லட்சம் எங்கே, 210 எங்கே!

அதே நோட்ஸில் இன்னொரு பக்கத்தில் ‘அஅ’ என்று ஓர் அலகு இருந்தது. டி.டி.பி. சென்டரில் பக்கம் முழுவதையும் பழைய பாமினி எழுத்துருவுக்கு மாற்றியிருக்கிறார்கள். அந்த எழுத்துருவில் ஆங்கில m இருக்கும் இடத்தில் அகரம் வரும். அதனால் mm என்பது அஅ ஆகிவிட்டது.

இப்போது யூனிகோடில்தான் தட்டச்சு செய்கிறார். அடுக்குகள் கீழே இறங்காமல் இருக்க, குணகத்தை 200000 என்று முழுசாகவும் ஒருமுறை எழுதிவிடுகிறார். குறியீடு, அலகு, எண் மூன்றையும் தமிழாக்குவதில்லை. பிரிண்ட் கொடுக்கும் முன் ஸ்லைடைப் பார்க்காமல், தமிழ்த் தாளை மட்டும் வைத்துக்கொண்டு கணக்கைத் தானே ஒருமுறை போட்டுப் பார்க்கிறார். விடை 1.27 வந்தால்தான் ஜெராக்ஸ்.

கடைசியாக ஒரு சோதனை உண்டு. வகுப்புக்கு முந்தின நாள் ஒரு மாணவரைக் கூப்பிட்டு, நோட்ஸைப் படிக்கச் சொல்லி, பிறகு தாளை மூடிவிட்டு, “என்ன புரிஞ்சுது, சொல்லுப்பா” என்கிறார். அவர் தடுமாறும் வரியைத் திருத்துகிறார். நான் போன அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், மூன்று வருடங்களுக்கு முன் திரவத்தின் அழுத்தத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியவரின் தம்பி. அண்ணன் படிப்பை முடித்து இப்போது ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாராம்.

“தகைவுன்னா என்னப்பா?” என்று மேடம் கேட்டார்.

“கம்பி உள்ளுக்குள்ள தாங்குறது மேடம். ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எவ்வளவுன்னு.”

“அப்ப அழுத்தம்?”

“அது தண்ணி டேங்க் மேடம். வேற பாடம்.”

மேடம் சிரித்துக்கொண்டே தாளை ஜெராக்ஸுக்குக் கொடுத்தார்.