சுவிட்சை அணைத்தால் போதாது

சித்திரை மழை தொடங்கிவிட்டது. காலையில் வெயில், பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு மலை முழுக்க இருட்டு, பிறகு இடி. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மலையகத்தில் இது வழக்கமான கதை. தேயிலை மலையில் நிற்பவர்கள் இடி கேட்டதும் கொழுந்தோடு இறங்கி வந்துவிட வேண்டும் என்று இப்பத்திரிகையில் பலமுறை எழுதியிருக்கிறோம். இம்முறை எழுத வந்தது காம்பராவுக்குள் இருக்கும் டீவியைப் பற்றி. இதிலும் உயிர் சம்பந்தப்பட்ட ஒரு விடயம் இருக்கிறது.

கடந்த ஒக்டோபரில் ஒரு தோட்டத்தில், ஆறு காம்பராக்கள் உள்ள லயத்துக்குப் பின்னால் நின்ற உயர்ந்த மரத்தில் மின்னல் விழுந்தது. யாருக்கும் காயமில்லை. ஆனால் மூன்று வீட்டு டீவிகள் போயின. மூன்றும் தவணைக்கு எடுத்தவை. தவணை இன்னும் முடியவில்லை. எத்தனை நாள் பேர் போட்டால் அந்தக் கடன் அடையும் என்று நம் வாசகர்களுக்குக் கணக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அந்த மூன்று வீட்டுக்காரரும் “நாங்கள் நிறுத்தித்தானே வைத்திருந்தோம்” என்றார்கள். உண்மைதான். எதை நிறுத்தினார்கள் என்பதில்தான் விடயம் இருக்கிறது.

முதல் வீட்டில் ரிமோட்டால் நிறுத்தியிருந்தார்கள். ரிமோட்டில் நிறுத்திய டீவிக்குள் மின்சாரம் வந்துகொண்டுதான் இருக்கும். சிவப்பு விளக்கு எரிவது அதனால்தான். இரண்டாவது வீட்டில் பிளக் பேஸ் சுவிட்சை அணைத்திருந்தார்கள். அந்தச் சுவிட்ச் வழக்கமாக இரண்டு வயரில் ஒன்றை மட்டுமே துண்டிக்கிறது, மற்றது டீவியோடு இணைந்தே இருக்கிறது. துண்டித்த இடத்திலும் இடைவெளி சில மில்லிமீற்றர்தான். 230 வோல்ட்டை நிறுத்த அது போதும். வானத்திலிருந்து கிலோமீற்றர் கணக்கில் காற்றைக் கிழித்துக்கொண்டு வந்த மின்னலுக்கு அது ஒரு தடையே அல்ல. இரண்டு வீட்டிலும் டீவியின் பின்புறம் கருகிய மணம் வந்தது, பிறகு விளக்கே எரியவில்லை.

மூன்றாவது வீட்டில் நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும். அங்கே டீவியின் பிளக்கைக் கழற்றியே வைத்திருந்தார் அந்த அம்மா. ஆனால் டிஷ்ஷிலிருந்து வரும் கேபிள் டிகோடரில் இருந்தது, டிகோடரின் பிளக் சுவரில் இருந்தது, டிகோடரிலிருந்து டீவிக்குப் போகும் வயரும் அப்படியே இருந்தது. மறுநாள் டீவி எரிந்தது, படம் மட்டும் வரவில்லை. டிகோடர் செத்துவிட்டது, டீவியில் அந்த வயர் செருகும் இடமும் செத்துவிட்டது. திருத்துபவர் மெயின் போர்ட்டை மாற்ற வேண்டும் என்றார். அதன் விலைக்குச் சற்றுக் கூட்டினால் புதிய டீவியே வாங்கலாம்.

எதையுமே கழற்றாத நான்காவது வீட்டில் ஒன்றும் ஆகவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மின்னல் அப்படித்தான். அதை வைத்து “கழற்றினாலும் போகும், கழற்றாவிட்டாலும் இருக்கும்” என்று ஒரு கதை இப்போது அந்த லயத்தில் ஓடுகிறது. அது தவறு.

மின்னல் நேரே டீவியில் விழ வேண்டியதில்லை. ஒரு மின்னலில் 30,000 ஆம்பியர் அளவு மின்னோட்டம் சாதாரணம். பக்கத்து மரத்தில் விழுந்ததில் முப்பதில் ஒரு பங்கு, அதாவது 1,000 ஆம்பியர், டிஷ் தூண் வழியாக மண்ணுக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தூணின் அடியில் மண்ணின் தடை 10 ஓம் என்றால், அந்த நொடியில் தூணும் அதிலிருந்து வரும் கேபிளும் 10,000 வோல்ட்டுக்கு ஏறிவிடும். காம்பராவுக்குள் வரும் மின்சார வயரோ வேறோர் இடத்தில் பூமியோடு இணைந்து 230 வோல்ட்டில் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் பாலமாக இருப்பது டீவி. கேபிள் ஒரு பக்கம், பிளக் மறுபக்கம். பாலத்தின் ஒரு முனையை மட்டும் கழற்றினால், அந்த அவசரத்தில் மின்னல் வேறு வயரைத் தேடிக்கொள்ளும். எனவே இரண்டையும் கழற்ற வேண்டும்: டீவியின் பிளக், டிகோடரின் பிளக், டிஷ் அல்லது அன்டெனா கேபிள். கழற்றிய கேபிள் முனையை டீவிக்குப் பின்னால் தொங்கவிடக் கூடாது. அங்கிருந்து பாய்ந்துவிடும். ஒரு மீற்றருக்கு மேல் தள்ளி, கட்டிலுக்கும் தொட்டிலுக்கும் அருகில் இல்லாமல் வையுங்கள். முடிந்தால் கேபிளின் இணைப்பை இஸ்தோப்புக்கு வெளியே வைத்து அங்கேயே கழற்றும்படி செய்துகொள்ளலாம். முனையைக் கண்ணாடிப் போத்தலுக்குள் வைக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. காப்பது போத்தல் அல்ல, தூரம்தான்.

இனி உயிர் விடயம். பிற்பகலில் பெற்றோர் மலையில், பிள்ளைகள் வீட்டில். இடி முழங்கும்போது பக்கத்துக் காம்பராவிலிருந்து “கேபிளைப் புடுங்குடா” என்று கத்துகிறோம், பிள்ளை ஓடிப்போய் உலோக முனையை வெறுங்கையால் பிடிக்கிறது. டீவிக்குப் பாலமாகும் வேலையை அந்த நேரத்தில் பிள்ளையின் உடம்பு செய்கிறது. இடி தலைக்கு மேல் வந்துவிட்டால் டீவி போனாலும் போகட்டும், யாரும் வயரைத் தொடக் கூடாது. மின்னலைக் கண்டு 30 நொடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீற்றருக்குள் வந்துவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு கழற்றாதீர்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகே திரும்பச் செருகுங்கள். இந்த மாதங்களில் இதைவிட எளிய வழி, காலையில் பிரட்டுக்குப் போகுமுன் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுப் போவதுதான். அந்த லயத்தின் ஐந்தாவது வீட்டுப் பாட்டி அதைத்தான் செய்திருந்தார்.

“மின்னலைத் தடுக்கும்” என்று சொல்லிக் கடைகளில் விற்கும் மல்டி பிளக்கைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அது கூடுதலாக வரும் மின்சாரத்தைப் பூமி வயருக்குத் தள்ளிவிடும் கருவி. சுவரில் பூமி வயர் இல்லாவிட்டால், அல்லது அறுந்திருந்தால், தள்ளிவிடச் சரியான இடமில்லை. டிஷ் கேபிள் வழியாக வருவதைச் சாதாரண மல்டி பிளக் பார்ப்பதே இல்லை. ட்ரிப் சுவிட்ச் ஆட்கள் ஷொக் அடித்துச் சாகாமல் காப்பது, அது கட்டாயம் வேண்டும். ஆனால் மின்னல் அது விழும் முன்னரே வந்து போய்விடும்.

நிலையான பாதுகாப்பு பூமி இணைப்புதான். டிஷ் தூணைத் தடித்த செப்பு வயரால் பூமியோடு இணைக்க வேண்டும், அந்த வயரை லயத்தின் மின்சாரப் பூமிக் கம்பியோடும் இணைக்க வேண்டும். அப்போது 10,000 வோல்ட் ஏறினாலும் இரண்டு பக்கமும் சேர்ந்தே ஏறும், நடுவில் இருக்கும் டீவியின் வழியே பாய வேண்டிய அவசியம் குறையும். தூணுக்கென்று தனியாக ஒரு கம்பியை அடித்து அதோடு விட்டுவிடுவது மேலே சொன்ன பாலத்தைத்தான் உண்டாக்கும். இவ்வளவும் செய்தாலும் கூரையிலேயே விழும் மின்னலுக்கு உத்தரவாதம் இல்லை, அதனால் கழற்றும் பழக்கத்தை விட முடியாது.

இந்த வேலையை லயத்தில் குடியிருப்பவர் தன் கைக்காசில் செய்ய முடியாது, தானாகச் செய்யவும் கூடாது. லயங்களின் மின் இணைப்பைப் பராமரிக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகங்கள் ஏற்க வேண்டும், தகுதியுள்ள மின் வேலையாளைக் கொண்டு பூமி இணைப்பை அளந்து பார்க்க வேண்டும் என்பது நமது கோரிக்கை. அடுத்த தலைவர்மார் கூட்டத்துக்கு வருமுன், உங்கள் லயத்தில் பூமிக் கம்பி எந்த இடத்தில் இருக்கிறது, வயர் அதோடு சேர்ந்திருக்கிறதா, எத்தனை டிஷ் தூண்கள் இருக்கின்றன என்று பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள். அறுந்திருந்தால் தொடாமல், இடத்தை மட்டும் குறித்து வாருங்கள்.