மேளம் கேட்கிறது, படம் தெரியவில்லை! ஏன்?

வெள்ளிமலையில் ஒரு கலியாணம். மாப்பிள்ளையின் தம்பி அதைத் தன் புதிய செல்போனில் படம் பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

கல்வராயன் மலையில் சிக்னல் சரியாக எட்டாத ஊர்கள் உண்டு. ஆகையால் அவர் படத்தைப் பென் டிரைவில் ஏற்றுகிறார். மலையிறங்கி, கள்ளக்குறிச்சியில் இருக்கும் மாமா வீட்டுக்கு வருகிறார். பழைய டி.வி.யில் அதைச் செருகுகிறார்.

கெட்டிமேளம் கேட்கிறது. தாலி கட்டும் காட்சி தெரியவில்லை! திரை கறுப்பாகவே இருக்கிறது.

டி.வி. பழுதா? இல்லை. அதே பென் டிரைவில் உள்ள பழைய படம் நன்றாக ஓடுகிறது. இரண்டு படங்களின் பெயரும் .mp4 என்றே முடிகிறது. பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

உறையும் கடிதமும்

.mp4 என்பது வெறும் உறை. அதற்குள் இரண்டு கடிதங்கள் இருக்கின்றன. ஒன்று படம், மற்றொன்று ஒலி.

படத்தை அப்படியே எழுதினால், ஒரு நொடிக்கே 150 எம்.பி.க்கு மேல் இடம் பிடிக்கும். அதனால் செல்போன் அதைச் சுருக்கெழுத்தில் எழுதுகிறது. அந்தச் சுருக்கெழுத்து முறைக்குத்தான் 'கோடெக்' என்று பெயர்.

2003-ல் வந்த முறை H.264. பெரும்பாலான கருவிகளுக்கு இது தெரியும். 2013-ல் வந்தது HEVC. இதில் ஏறக்குறையப் பாதி இடமே போதும். ஆனால் பழைய டி.வி.க்கு இதைப் படிக்கத் தெரியாது. ஒலி பழைய முறையிலேயே எழுதப்பட்டதால் மேளம் மட்டும் கேட்டது.

கருவி புதிதாக இருந்தால் மட்டும் போதாது. HEVC முறைக்குக் காப்புரிமைக் கட்டணம் உண்டு. எச்.பி., டெல் கம்பெனிகள் சில மடிக்கணினி மாடல்களில் இந்த வசதியை முடக்கியிருப்பது 2025-ல் தெரியவந்தது.

என்ன செய்யலாம்?

பெயரை மாற்றிப் பயனில்லை. உறையின் மேல் விலாசத்தை மாற்றினால் உள்ளே இருக்கும் எழுத்து மாறுமா?

கம்ப்யூட்டரில் VLC மூலம் படத்தைத் திறந்து, Tools பட்டியலில் Codec Information என்பதைப் பார்த்தால், எந்த முறை என்று தெரிந்துவிடும். HEVC என்று இருந்தால், HandBrake என்ற இலவச மென்பொருளில் H.264 என்பதைத் தேர்ந்தெடுத்து மாற்றி எழுதலாம். நேரம் பிடிக்கும். படத்தின் தெளிவு சிறிது குறையலாம்.

இனி எடுக்கும் படங்களுக்கு வழி சுலபம். ஐபோனில் Settings, Camera, Formats என்று சென்று Most Compatible என்பதைத் தொட வேண்டும். மற்றப் போன்களில் கேமரா அமைப்பில் High efficiency என்று இருந்தால், அதை நிறுத்திவிட வேண்டும்.

ஒன்றை மறக்கக் கூடாது. திரை கறுப்பாக இருக்கிறதே என்று செல்போனில் உள்ள மூலப் படத்தை அழித்துவிடக் கூடாது. படம் கெடவில்லை, அதைப் படிக்கத் தெரிந்த கருவிதான் அங்கே இல்லை.