முதல் நாற்காலியில் யார்?

சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஒரகடம் சாலையில் போனாலும் தொழிற்சாலை, மறைமலை நகர் பக்கம் போனாலும் தொழிற்சாலை. விடியற்காலை கம்பெனி பேருந்துக்கு நிற்பவர்களில் நம் காலனிப் பிள்ளைகள் நிறையப் பேர். இவர்களை ஒருநாள் கேட்டுக்கு வெளியே நிறுத்தினால் நியாயம் கேட்க எங்கே போவது? அந்த இடத்தில்தான் இப்போது கை வைத்திருக்கிறார்கள். நம் தோழர்கள் பலர் இதைக் கவனிக்கவில்லை என்பதால் எழுதுகிறோம்.

2025 நவம்பர் 19 அன்று, தலைமை நீதிபதி பி.ஆர்.கவாய், நீதிபதி கே.வினோத் சந்திரன் அமர்வு, 2021ஆம் ஆண்டின் தீர்ப்பாயச் சீர்திருத்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தது. வழக்குத் தொடுத்தது நம் சென்னையின் மெட்ராஸ் பார் அசோசியேஷன். தீர்ப்பாய உறுப்பினர்களின் பதவிக்காலம் நான்கே ஆண்டு, ஐம்பது வயதுக்குக் கீழே யாரும் வரக்கூடாது என்றெல்லாம் ஒன்றிய அரசு விதித்திருந்தது. நீதிமன்றம் ஏற்கெனவே செல்லாது என்று சொன்னதையே மறுபடி சட்டமாக்கியிருந்தார்கள். அரசின் பிடியில் இருப்பவர் அரசுக்கு எதிராக எப்படித் தீர்ப்பு எழுதுவார் என்பதே வழக்கின் சாரம்.

இரண்டே நாள் கழித்து, நவம்பர் 21 அன்று, தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம், 2020 நடைமுறைக்கு வந்தது. அது தொழிலாளர் நீதிமன்றம் என்ற அமைப்பையே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டு பேர் கொண்ட தொழில் தீர்ப்பாயத்தை வைக்கிறது. ஒருவர் நீதித்துறை உறுப்பினர். இன்னொருவர் நிர்வாக உறுப்பினர், அதாவது அதிகாரி. புதிய தீர்ப்பாயங்கள் அமையும்வரை பழைய தொழிலாளர் நீதிமன்றங்கள் ஓடும். அதற்குப் பிறகு?

ஒரு வழக்கை வைத்துப் பார்ப்போம். காலனியிலிருந்து வேலைக்குப் போகும் ஓர் இளைஞர். சூப்பர்வைசர் சாதியைச் சொல்லித் திட்டினார் என்று எழுதிக் கொடுத்தார். மூன்றாவது வாரம் 'ஒழுங்கீனம்' என்று ஷோகாஸ் நோட்டீஸ் வந்தது. கம்பெனி சம்பளம் கொடுத்து அமர்த்திய வக்கீலே உள்விசாரணை நடத்தினார். முடிவில் வேலைநீக்கம்.

இவருக்கு முன்னால் இரண்டு வழக்குகள் இருக்கின்றன. சாதிவசவுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி போலீசில் புகார் கொடுத்தால் அது சிறப்பு நீதிமன்றத்துக்குப் போகும். பெயரில் 'சிறப்பு' இருந்தாலும் அது தீர்ப்பாயம் இல்லை. அது நீதிமன்றம். அங்கே உட்காருபவர் உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் இருக்கும் நீதிபதி. அவர் தவறாகத் தீர்ப்பளித்தால் பிரிவு 14ஏ-யின்படி உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். சாட்சி சொன்னது உண்மையா, ஆவணம் சரியா என்று எல்லாவற்றையும் மேலே மறுபடி கிளறலாம்.

வேலைநீக்க வழக்கு அப்படியல்ல. பழைய 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி, சமரச அதிகாரியிடம் மனு கொடுத்து 45 நாள் ஆகியும் தீரவில்லை என்றால் தொழிலாளி நேரே தொழிலாளர் நீதிமன்றம் போகலாம். அதற்கு மூன்று ஆண்டு அவகாசம் இருந்தது. புதிய சட்டம் அதை இரண்டாக்கிவிட்டது. ஆனால் நாம் சொல்லவருவது அதைவிடப் பெரிய விஷயம். தொழிலாளர் நீதிமன்றம் கொடுக்கும் தீர்ப்புக்கு மேல்முறையீடே கிடையாது. அரசமைப்புச் சட்டம் 226, 227ஆம் பிரிவுகளின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு மட்டும் போடலாம். 1997இல் எல்.சந்திரகுமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் கதவை எந்தச் சட்டத்தாலும் மூட முடியாது என்று சொல்லிவிட்டது. நல்லதுதான். ஆனால் ரிட்டில் உயர் நீதிமன்றம் பொதுவாகச் சாட்சியத்தை மறுபடி எடைபோடாது. அதிகார வரம்பு மீறப்பட்டதா, சட்டப் பிழை கண்ணுக்குத் தெரிகிறதா என்றுதான் பார்க்கும்.

இதன் பொருள் என்ன? நிலத் தகராறு என்றால் முன்சீப் கோர்ட், அதற்கு மேல் சார்பு நீதிமன்றம், அதற்கும் மேல் சட்டக் கேள்விக்கு உயர் நீதிமன்றம் என்று படிகள் உண்டு. முதல் நீதிபதி உண்மையைத் தவறாகப் புரிந்துகொண்டால் இரண்டாமவர் திருத்தலாம். தொழிலாளிக்கு அந்த இரண்டாவது படி இல்லை. சூப்பர்வைசர் திட்டினாரா இல்லையா, அந்த விசாரணை நாடகமா இல்லையா என்பதை முதல் நாற்காலியில் இருப்பவர் என்ன எழுதுகிறாரோ அதுவே ஏறக்குறைய கடைசி. அதனால்தான் அந்த நாற்காலியில் யார் என்று கேட்கிறோம்.

புதிய சட்டம் என்ன சொல்கிறது? மாநில அரசிலோ ஒன்றிய அரசிலோ இணைச் செயலாளர் நிலைக்குக் கீழே இருந்தவர் நிர்வாக உறுப்பினராக முடியாது. அந்தப் பிரிவு கேட்கும் தகுதி அவ்வளவுதான், சட்டப் படிப்பை அது கேட்கவில்லை. பழைய சட்டமும் 2010 திருத்தத்தில் தொழிலாளர் துறை அதிகாரிகளுக்குக் கதவைத் திறந்தது உண்மை. ஆனால் அவர் சட்டம் படித்திருக்க வேண்டும், சமரச அதிகாரியாக இருந்த அனுபவம் வேண்டும் என்று கேட்டது. 2010இலேயே, கம்பெனிச் சட்டத் தீர்ப்பாய வழக்கில், உச்ச நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது: ஓர் அமர்வில் நீதித்துறை உறுப்பினர்களைவிடத் துறை உறுப்பினர்கள் அதிகமாக இருக்கக் கூடாது.

வேலைநீக்கம், ஆட்குறைப்பு, வேலைநிறுத்தம் சட்டப்படியானதா என்பது போன்ற வழக்குகளை இருவரும் சேர்ந்து கேட்பார்கள். மற்றவற்றைத் தனியொருவர் கேட்கலாம். அந்த ஒருவர் நிர்வாக உறுப்பினராகவும் இருக்கலாம். அதாவது நம் இளைஞரின் பாக்கிப் பண வழக்கை நீதிபதியே இல்லாத அமர்வு தீர்க்கலாம். ஒரே ஆள் அமர்வில் அவர் அதிகாரி என்றால் நீதித்துறையின் பங்கு பூஜ்யம். இருவரும் மாறுபட்டால்? வேறொரு தீர்ப்பாயத்தின் நீதித்துறை உறுப்பினரை மூன்றாமவராக நியமிப்பது அரசு. எந்த அரசு? கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு, நிலம் கொடுத்து, சலுகை கொடுத்து அழைத்து வந்த அதே அரசு. நேற்று அந்தக் கோப்பில் கையெழுத்துப் போட்ட அதிகாரி நாளை அந்தக் கம்பெனி வழக்கைக் கேட்கமாட்டார் என்று இந்தப் பிரிவில் எங்கே எழுதியிருக்கிறது?

'தொழிலாளர் நீதிமன்றத்தில் மட்டும் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கவில்லையா? நீதிபதிகள் எல்லாம் நமக்கு நியாயம் செய்தார்களா?' என்று சிலர் கேட்பார்கள். இழுத்ததுதான். நீதிமன்றங்களில் சாதி இல்லை என்று நாமும் சொல்லப்போவதில்லை. ஆனால் தாமதத்துக்குக் காரணம் காலியிடமும் ஆள்பற்றாக்குறையும். ஒரு நாற்காலியையே நிரப்பாமல் வைத்திருந்தவர்கள் இரண்டை நிரப்புவார்களா? மாவட்ட நீதிபதியாக இருந்து வருபவர் தீர்ப்புக்காக அடுத்த நியமனத்தை அரசிடம் எதிர்பார்க்க வேண்டியதில்லை. பதவி நீட்டிப்பை எதிர்பார்க்கும் அதிகாரிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. சாதிக்கு எதிரான போராட்டத்தை நீதிபதியோடு நடத்தலாம். அரசாணைக்குக் காத்திருக்கும் ஆளோடு நடத்த முடியாது.

மாநிலத் தீர்ப்பாய உறுப்பினர்களின் பதவிக்காலம் உள்ளிட்ட பணி நிபந்தனைகளை வகுப்பது மாநில அரசு. எனவே டெல்லியை மட்டும் திட்டிவிட்டு நகர முடியாது. தமிழ்நாடு அரசிடம் நாம் கேட்பது நான்கு. தேர்வுக் குழுவில் உயர் நீதிமன்றத்தின் சொல்லே இறுதியாக இருக்க வேண்டும். பதவிக்காலம் ஐந்து ஆண்டுக்குக் குறையக் கூடாது, மறுநியமன ஆசை காட்டக் கூடாது. நிர்வாக உறுப்பினர் தனியாக எந்த வழக்கையும் கேட்கக் கூடாது. உறுப்பினர் நியமனத்தில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு இடஒதுக்கீடு வேண்டும்.

சட்டம் படிக்கும் தோழர்கள் இந்தச் சட்டத்தின் 44ஆம் பிரிவை எடுத்து முழுக்கப் படியுங்கள். பிறகு காலனியில் கம்பெனிக்குப் போகிறவர்களைக் கூட்டி, அவர்களுக்குப் புரியும் தமிழில் சொல்லுங்கள். விதிகள் அரசிதழில் வரும்போது ஆட்சேபம் எழுதும் கைகள் நம்முடையதாக இருக்கட்டும்.

ஜெய்பீம்.